எத்தனை பேரிடம் நேர்காணல் எடுத்தால் போதும்? பண்புசார் ஆய்வைத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் ஆய்வு முன்மொழிவு ஒழுக்கநெறிக் குழுவிடமிருந்து இரண்டு தடவை திரும்பி வந்தது. இரண்டு தடவையும் ஒரே இடத்தில்தான் சிவப்புக் கோடு: "மாதிரிப் பருமன் எப்படித் தீர்மானிக்கப்பட்டது?" முதல் தடவை நான் "15 பேர்" என்று மட்டும் எழுதியிருந்தேன். காரணம் எழுதவில்லை. இரண்டாம் தடவை பயந்துபோய், கருத்துக்கணிப்பு செய்த ஒரு நண்பியின் முன்மொழிவிலிருந்த சூத்திரத்தை எடுத்துப்போட்டு 384 என்று எழுதினேன். 384 பேரிடம் ஒவ்வொரு மணித்தியாலம் உட்கார்ந்து பேசுவது எப்படி என்று குழு கேட்டது. கேள்வி நியாயமானதுதான். குழு மாதத்துக்கு ஒரு தடவைதான் கூடும் என்பதால் இந்த இழுபறியில் மூன்று மாதம் போய்விட்டது. அனுமதி கையில் கிடைத்தபோது நான் பேசவேண்டிய தோட்டங்களில் வெங்காயம் கிண்டி முடித்துவிட்டார்கள்.

என் ஆய்வு இதுதான்: வலிகாமத்தில் சின்ன வெங்காயம் செய்கிறவர்கள் மருந்தடிக்கும்போது கையுறையும் முகக்கவசமும் ஏன் அணிவதில்லை? இதையே உதாரணமாக வைத்து, படிப்படியாகச் சொல்கிறேன்.

1. உங்கள் கேள்வி "எத்தனை வீதம்" என்கிறதா, "ஏன், எப்படி" என்கிறதா?

384 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று ஒருதடவை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

```
n = z² × p × (1 − p) / e²
  = 1.96² × 0.5 × 0.5 / 0.05²
  = 384.16
```

இங்கே p என்பது ஒரு விகிதம். உதாரணமாக, "கையுறை அணிபவர்களின் பங்கு". அது தெரியாதபோது 0.5 என்று வைத்துக்கொள்கிறார்கள். e என்பது நீங்கள் பொறுத்துக்கொள்ளும் பிழை, இங்கே கூடவோ குறையவோ 5 வீதம். 1.96 என்பது 95 வீத நம்பிக்கை மட்டத்துக்குரியது. ஆகவே இந்தச் சூத்திரம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: பெரிய சனத்தொகையில் ஒரு விகிதத்தை இவ்வளவு துல்லியமாக மதிப்பிட எத்தனை பேர் வேண்டும்? அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆட்களை எழுமாற்றாகத் தெரிந்து, எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒரே மாதிரிக் கேட்டிருக்க வேண்டும்.

என் கேள்விக்கு p எது? "கையுறை ஏன் போடுவதில்லை" என்பதற்கு விகிதமே கிடையாது. என்னென்ன காரணங்கள் இருக்கின்றன, அவை ஒன்றோடொன்று எப்படிப் பின்னியிருக்கின்றன என்பதே நான் தேடியது. p இல்லாத இடத்தில் 0.5 என்று போட்டுக் கணக்குப் பார்த்தால் விடை வரும். ஆனால் அந்த விடைக்கு அர்த்தம் இராது.

இதைச் சொன்னவுடன் சிலர் "அப்படியென்றால் 10, 12 பேர் போதும்தானே" என்று மறுபக்கம் சாய்வார்கள். அங்கேயும் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மட்டுமே உள்ள ஓர் அனுபவம் என்று வைப்போம். எழுமாற்றாக 12 பேரைப் பிடித்தால், அந்த அனுபவமுள்ள ஒருவர்கூட அகப்படாமல் போகும் வாய்ப்பு 0.9-இன் 12ஆம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 0.28. நான்கில் ஒன்றுக்கும் மேல். அதனால்தான் பண்புசார் ஆய்வில் ஆட்களைத் தற்செயலிடம் விடுவதில்லை. யாரிடம் வேறு அனுபவம் இருக்கும் என்று யோசித்து, அவரைத் தேடிப்போகிறோம். இதற்கு நோக்கமுறைத் தெரிவு என்று பெயர். மாதிரி சிறிதாக இருப்பதற்கு நாம் காட்டும் நியாயத்தில் பாதி இந்தத் தெரிவில்தான் இருக்கிறது.

2. முன்மொழிவில் ஒற்றை எண் எழுதாதீர்கள். வீச்சும் உச்சவரம்பும் எழுதுங்கள்

மற்றப் பாதி நியாயம் நிரம்பல். பள்ளிக்கூடத்து இரசாயனத்தில் படித்த நிரம்பிய கரைசல் போலத்தான்: இன்னும் உப்பைப் போட்டால் கரையாமல் அடியில் கிடக்கும். நேர்காணலில், புதிதாக ஒருவரிடம் பேசினாலும் ஏற்கெனவே கேட்டவையே திரும்ப வரத்தொடங்கும் கட்டத்தை அப்படிச் சொல்கிறோம். அது எத்தனையாவது ஆளில் வரும் என்று வேலையைத் தொடங்குமுன் ஒருவராலும் சொல்ல முடியாது. குழுவுக்கோ தொடங்குமுன்பே ஓர் எண் வேண்டும். இந்த முரண்பாட்டில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு வீச்சைக் கொடுத்து, அதற்குக் காரணத்தையும் கொடுப்பதுதான் வழி. எண்ணைக் கூட்டுவது, குறைப்பது எது என்று பாருங்கள். கேள்வி ஒடுக்கமாக இருந்தால், ஆட்கள் ஒரே மாதிரியானவர்களாக இருந்தால், அவர்கள் மனம்விட்டுப் பேசினால், எண் குறையும். கேள்வி அகலமாக இருந்தால், உள்ளே பல குழுக்கள் இருந்தால், எண் கூடும். கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களின் நேர்காணல்களை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த ஒரு கட்டுரையை எல்லோரும் காட்டுவார்கள். முதல் 12 நேர்காணல்களுக்குள் நிரம்பல் வந்துவிட்டது என்று அது கண்டது. அந்த 12ஐ மட்டும் பிய்த்தெடுத்து எழுதுவது பெரிய பொறி. அந்தப் பெண்கள் ஓரளவு ஒரே வகைச் சூழ்நிலையில் இருந்தவர்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விநிரல் பயன்பட்டது. உங்கள் ஆட்களும் அப்படியானவர்களா என்று எழுதினால்தான் 12 உங்களுக்கு உதவும்.

மூன்றாம் தடவை நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே தருகிறேன். உங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"இந்த ஆய்வு எந்த விகிதத்தையும் மதிப்பிடவில்லை, ஆகவே விகித மதிப்பீட்டுச் சூத்திரம் பொருந்தாது. பங்குபற்றுநர்கள் நோக்கமுறையில், காணிச் சொந்தக்காரர், கூலிக்கு மருந்தடிப்பவர், களையெடுக்கும் பெண்கள் என்ற மூன்று வகையிலிருந்து தெரியப்படுவர். 18 முதல் 24 வரையான நேர்காணல்கள் எதிர்பார்க்கப்படுகின்றன. கீழே தரப்பட்டுள்ள நிறுத்தும் விதி நிறைவேறும்போது சேர்ப்பது நிறுத்தப்படும். உச்சவரம்பு 24."

இதில் உச்சவரம்பை மறக்கவேண்டாம். பல குழுக்கள் அனுமதி தருவது அந்த எண்ணுக்குத்தான். 15 என்று வாங்கிவிட்டு 16ஆவது ஆளிடம் போக வேண்டுமென்றால் திருத்த விண்ணப்பம், மறுபடி ஒரு கூட்டம், மறுபடி ஒரு மாதம். குறைவாக எடுத்து முடித்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

அனுப்புமுன் ஆவணங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். முன்மொழிவு, விண்ணப்பப் படிவம், தகவல் தாள் மூன்றிலும் ஒரே எண் இருக்கவேண்டும். சம்மதப் படிவத்தில், தேவைப்பட்டால் இரண்டாம் தடவையும் சந்திக்கலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அது எதற்கென்று ஆறாம் படியில் விளங்கும்.

3. எப்போது நிறுத்துவது என்பதை முன்கூட்டியே எழுதுங்கள்

"நிரம்பல் வரும்வரை நேர்காணல் எடுக்கப்படும்" என்ற வரியை மட்டும் எழுதினால் குழு திருப்பி அனுப்பும். அனுப்பத்தான் வேண்டும். நிரம்பல் வந்துவிட்டது என்று யார், எதை வைத்துச் சொல்வது? களைத்துப்போன நாளில் எல்லா நேர்காணலும் ஒரே மாதிரித்தான் கேட்கும்.

நான் பயன்படுத்தியது எளிமையான ஒரு முறை. மூன்று எண்களை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். முதலாவது அடித்தளம்: முதல் 6 நேர்காணல்கள். அவற்றில் வந்த வெவ்வேறு குறியீடுகளை எண்ணுங்கள். (குறியீடு என்பது ஒரு கருத்துக்கு நாம் வைக்கும் சிறுபெயர்: "வெக்கை", "கடைக்காரர் சொன்னது" என்பது போல.) இரண்டாவது ஓட்டம்: அடித்தளத்துக்குப் பின், அடுத்தடுத்த 3 நேர்காணல்களில் எத்தனை புதிய குறியீடு வந்தது? மூன்றாவது வரம்பு: 5 வீதம்.

```
புதிய குறியீடு (ஓட்டத்தில்) ÷ குறியீடு (அடித்தளத்தில்) × 100 ≤ 5
```

இந்த நிபந்தனை நிறைவேறினால் நிறுத்தலாம். நிறைவேறாவிட்டால் இன்னொருவரிடம் பேசி, ஓட்டத்தை ஓராள் முன்னே நகர்த்தி, மறுபடி கணக்கிடுங்கள். அடித்தளம் 4, ஓட்டம் 2 என்று இன்னும் சிக்கனமாகவும் செய்கிறார்கள். எந்த எண்ணைத் தெரிந்தாலும் முதல் நேர்காணலுக்கு முன்னரே எழுதி வையுங்கள். இடையில் மாற்றினால் விதி என்று சொல்வதில் பயனில்லை.

இந்த 5 வீதத்தையும் சூத்திரத்திலுள்ள 5 வீதப் பிழையையும் குழப்பாதீர்கள். என் வகுப்பில் இருவர் இதில் தடுக்கி விழுந்தார்கள். அங்கே அது மதிப்பீட்டின் பிழை. இங்கே அது புதுக்கருத்து வரும் வேகம் மட்டுமே. ஊரிலுள்ள கருத்துக்களில் 95 வீதத்தைப் பிடித்துவிட்டேன் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

4. எடுத்த கையோடு எழுத்தாக்குங்கள்

நிறுத்தும் விதி வேலை செய்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அடுத்த ஆளிடம் போகுமுன் முந்தின நேர்காணல் குறியீடு இடப்பட்டிருக்க வேண்டும். 20 நேர்காணலையும் ஒரு மூச்சில் எடுத்துவிட்டுப் பிறகு ஆறுதலாக எழுதலாம் என்று இருந்தால், எட்டாவதிலேயே நிரம்பியிருந்தது உங்களுக்குத் தெரியாது. இன்னும் நிரம்பவில்லை என்பதும் தெரியாது.

செலவு இங்கேதான் போகிறது. ஒரு மணித்தியால ஒலிப்பதிவை எழுத எனக்கு ஆறு மணித்தியாலம் எடுத்தது. தோட்டத்தில் பக்கத்துக் கிணற்று மோட்டர் ஓடினால் எட்டு. குறியீடு இட இன்னும் மூன்று. பலாலி வீதி பஸ்ஸில் உரும்பிராய்க்கோ புன்னாலைக்கட்டுவனுக்கோ போய்வருவது ஓர் அரைநாள். ஆக, ஒரு நேர்காணலுக்கு இரண்டு முழுநாள் என்று வையுங்கள். கிழமைக்கு இரண்டுக்கு மேல் எனக்கு முடியவில்லை. எழுத்தாக்கத்தைக் கூலிக்குக் கொடுத்தால் ஒலிப்பதிவின் மணித்தியாலக் கணக்கில் கேட்பார்கள். ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் என்றால் மேற்கோள்களின் மொழிபெயர்ப்பு தனிச் செலவு. வரவுசெலவுத் திட்டத்தை உச்சவரம்பான 24க்குப் போடுங்கள், எதிர்பார்ப்பான 18க்குப் போடாதீர்கள்.

நாட்காட்டியையும் பாருங்கள். மருந்தடிப்பவர்களுக்குக் காலைநேரம் கிடையாது. பின்னேரம் நாலரைக்குப் பிறகுதான் வாய்திறப்பார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பின்னேரங்களில் ஆட்களைப் பிடிப்பது கஷ்டம். நான் அந்த நாட்களை எழுத்தாக்கத்துக்கு வைத்துக்கொண்டேன்.

கூடவே ஒரு பதிவேடு. சாதாரண அப்பியாசக் கொப்பி போதும். நேர்காணல் எண், திகதி, ஆள் எந்த வகை, யார் அறிமுகப்படுத்தியது, மொத்தக் குறியீடு, அதில் புதியது எத்தனை, அந்தப் புதியவற்றின் பெயர்கள். "யார் அறிமுகப்படுத்தியது" என்ற நிரலை நான் ஏதோ ஓர் எண்ணத்தில்தான் போட்டேன். பிறகு என்னைக் காப்பாற்றியது அதுதான்.

5. பொய் நிரம்பலைப் பிடிப்பது எப்படி

என் கொப்பியில் முதல் ஆறு நேர்காணலின் புதிய குறியீடுகள் இவை: 9, 6, 4, 3, 2, 2. மொத்தம் 26. இதுதான் அடித்தளம். ஏழாவதில் 1, எட்டாவதில் 1, ஒன்பதாவதில் ஒன்றும் இல்லை. மூன்றும் சேர்ந்து 2, 26இல் 7.7 வீதம். வரம்புக்கு மேலே. பத்தாவதை எடுத்தேன், புதிதாக ஒன்றும் இல்லை. ஓட்டத்தை நகர்த்தினால் 8, 9, 10 சேர்ந்து 1, 26இல் 3.8 வீதம். விதி நிறைவேறிவிட்டது.

சந்தோசத்தோடு கொப்பியை மேற்பார்வையாளரிடம் கொண்டுபோனேன். அவர் எண்களைப் பார்க்கவில்லை. அறிமுகப்படுத்தியவர் நிரலில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். பத்துப் பேரும் ஒரே ஆளின் அறிமுகம், கமக்காரர் அமைப்பிலுள்ள ஒருவர். பத்துப் பேரும் காணிச் சொந்தக்காரர்கள். "இவர்களில் தாங்கியை முதுகில் சுமந்து மருந்தடிப்பவர் எத்தனை பேர்?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன். மூன்று பேர். மற்ற ஏழு பேரும் கூலிக்கு ஆள் பிடிப்பவர்கள். கையுறை பற்றி அவர்கள் சொன்னதெல்லாம் அடுத்தவர் கையைப் பற்றியது.

பதினோராவது நேர்காணல், கூலிக்கு மருந்தடிக்கும் ஒருவருடன். அவர் வீட்டு வேலியோரம், தென்னங்குற்றியில் இருந்து பேசினோம். சொந்தக்காரர்கள் எல்லோரும் "அவங்களுக்கு அக்கறை இல்லை" என்று சொல்லியிருந்தார்கள். இவர் தன் விரல்களை விரித்துக் காட்டினார்.

"கையுறையப் போட்டா போத்தில் மூடி திறக்கேலாது பிள்ளை, வழுக்கும். தாங்கிக் கணக்குக்குத்தான் காசு. காசு தாறவர் வரம்பில நிண்டு பாத்துக்கொண்டு நிப்பார். ஒவ்வொரு தாங்கிக்கும் கழட்டிப் போட்டு, கழட்டிப் போட்டு எப்பிடி?"

அந்த ஒரு நேர்காணலில் மட்டும் 5 புதிய குறியீடு. தாங்கிக் கணக்கில் கூலி, மேற்பார்க்கும் கண், கையுறையை யார் வாங்கித்தருவது என்ற பேசாத பிணக்கு, இப்படி. அடுத்தடுத்து 3, 2, 1, பிறகு இரண்டு நேர்காணலில் ஒன்றும் இல்லை. ஆக, சொந்தக்காரர் பத்துப் பேரும் வாய்திறக்காத 11 குறியீடுகள். பத்தாவதில் நிறுத்தியிருந்தால், "விழிப்புணர்வு இல்லை" என்ற முடிவோடு என் ஆய்வு முடிந்திருக்கும். அது பிழையான முடிவு.

கூலியாட்களை நான் தனிக் குழுவாக எடுத்து, அவர்களுக்கென்று புதிய அடித்தளம் வைத்தேன். 11 முதல் 16 வரை மொத்தம் 24 குறியீடு, பழையதும் புதியதும் சேர்த்து. பிறகு 17, 18, 19இல் புதியது 1. அது 4.2 வீதம். அங்கே நிறுத்தினேன்.

ஆகவே விதி நிறைவேறிய அன்று இவற்றைப் பாருங்கள். எல்லோரும் ஒரே கதவால் வந்தவர்களா? இந்தத் தொழிலில் இருந்தும் உங்கள் கொப்பியில் இல்லாதவர் யார்? குறியீடுகள் அளவுக்குமிஞ்சி அகலமாக இருக்கின்றனவா? "பொருளாதாரம்" என்று ஒரு குறியீட்டை வைத்தால், விலையும் கூலியும் கடனும் அதற்குள் அடங்கி, நாலாவது ஆளோடேயே எல்லாம் நிரம்பிவிடும். இன்னொன்று, கேள்விநிரல். ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்டுக்கொண்டிருந்தால் ஒரே பதில்தான் வரும். புதிய குறியீடு வந்தால் அதைப் பற்றி ஒரு கேள்வியை அடுத்த நேர்காணலில் சேருங்கள்.

6. கேட்டுவிட்டோம் என்பது வேறு, விளங்கிவிட்டது என்பது வேறு

"வெக்கை" என்ற குறியீடு முதலாவது நேர்காணலிலேயே வந்தது. வெயிலில் முழுக்கை உடுப்பும் முகக்கவசமும் கஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். எண்ணிக்கைப்படி அது அன்றே நிரம்பிவிட்டது. பதினாலாவது நேர்காணலில்தான் அதன் உட்பொருள் தெரிந்தது. தடித்த உடுப்புக்குள் வியர்வை ஊறினால் மருந்து அதோடு கலந்து உடம்போடு ஒட்டிக்கொண்டு எரிக்கும், திறந்த உடம்பென்றால் காற்றுப்பட்டுக் காய்ந்துவிடும் என்று அவர் விளக்கினார். மருத்துவப்படி இது ஆபத்தான எண்ணம். ஆனால் அவர் கணக்கில், உடுப்பைக் கழற்றுவதுதான் பாதுகாப்பு. "கஷ்டமாக இருக்கிறது" என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

2017இல் வந்த ஓர் ஆய்வு 25 நேர்காணல்களை இப்படிப் பிரித்துப் பார்த்தது. குறியீடுகள் 9 நேர்காணலில் நிரம்பின. அவற்றின் பொருள் முழுதாக விளங்க 16 முதல் 24 வரை தேவைப்பட்டது. உங்கள் கேள்வி "ஏன்" என்றால் இரண்டாவதைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள். நான் பதிவேட்டின் பின்பக்கத்தில் முக்கியமான ஆறு குறியீடுகளுக்கு ஒவ்வொரு தாள் ஒதுக்கி, ஒவ்வொரு நேர்காணலும் அதற்குப் புதிதாக என்ன பக்கத்தைக் காட்டியது என்று எழுதினேன். வெக்கைக்கான தாளை எழுதியபோதுதான் முதலாவது ஆளிடம் திரும்பப்போய் இதைக் கேட்கவேண்டும் என்று தோன்றியது. சம்மதப் படிவத்தில் இரண்டாம் சந்திப்புக்கு வரி இருந்ததால் போக முடிந்தது.

7. அறிக்கையில் என்ன எழுதுவது

"நிரம்பல் எட்டப்பட்டது" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்தக் குழுவில், எந்த விதிப்படி, எத்தனையாவது நேர்காணலில் என்று எழுதி, பதிவேட்டை அட்டவணையாகப் பின்னிணைப்பில் வையுங்கள். வாய்மொழிப் பரீட்சையில் "ஏன் இத்தனை பேர்" என்று கேட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.

வீதம் போடாதீர்கள். "19 பேரில் 13 பேர், அதாவது 68.4 வீதம், விலையைக் காரணம் காட்டினர்" என்று எழுதிய கணமே பரிசோதகர் உங்களை முதலாம் படிக்கு இழுத்துக்கொண்டு போவார்: எழுமாற்றுத் தெரிவு எங்கே, நம்பிக்கை இடைவெளி எங்கே? விலையைப் பற்றிப் பேசாத ஆறு பேரிடம் நீங்கள் அதைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

உங்கள் பகுப்பாய்வு முறையையும் பாருங்கள். ஆய்வாளரின் வாசிப்பே கருப்பொருளை உருவாக்குகிறது என்ற நிலைப்பாட்டில் செய்யும் கருப்பொருள் பகுப்பாய்வுக்கு நிரம்பல் என்ற அளவுகோல் பொருந்தாது என்று அந்த முறையை வகுத்தவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த முறை என்றால் எண்ணுக்கான நியாயத்தைக் கேள்வியின் ஒடுக்கத்திலும் நேர்காணல்களின் ஆழத்திலும் காட்டுங்கள்.

நிரம்பாத இடத்தை நிரம்பியதாகக் காட்டவேண்டாம். களையெடுக்கும் பெண்களில் மூன்று பேரிடம்தான் என்னால் பேச முடிந்தது. மூன்றாவது அக்கா, மருந்தடித்த உடுப்பைத் தோய்ப்பதும் தான்தான் என்று போகிற போக்கில் சொன்னார். அது முற்றிலும் புதிய குறியீடு. அதற்குள் மழை தொடங்கி, களவேலைக்கான நாட்களும் முடிந்துவிட்டன. ஆய்வறிக்கையில் இப்படி எழுதினேன்: "நேர்காணப்பட்டவர்கள் 22 பேர். காணிச் சொந்தக்காரர் 10 பேரிலும், கூலிக்கு மருந்தடிப்பவர் 9 பேரிலும் நிறுத்தும் விதி நிறைவேறியது. களையெடுக்கும் பெண்கள் 3 பேர். இக்குழுவில் நிரம்பல் எட்டப்படவில்லை, கடைசி நேர்காணலிலும் புதிய கருத்து வந்தது." பரிசோதகர்கள் அந்த வரியைப் பற்றி ஒரேயொரு கேள்விதான் கேட்டார்கள்: அந்த அக்காவிடம் திரும்பப் போவீர்களா என்று. போகிறேன். திருத்த விண்ணப்பம் குழுவில் இருக்கிறது, இந்தத் தடவை உச்சவரம்பு 12 என்று கேட்டிருக்கிறேன்.